இடுப்பு வலிக் குளிசை யாருக்கு?
(தோட்டப் பிள்ளை மடுவத்தில் தாய்மார் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மேல் டிவிசனில் ஒரு தங்கச்சி, ஏழு மாதக் கர்ப்பிணி. இடுப்பு வலி தாங்கவில்லை. புருசன் டவுனுக்குப் போய் பாமசியில் "இடுப்பு வலிக்கு மருந்து தாங்க" என்றார். கேட்டது ஆம்பிளை, அவருக்குத்தான் என்று நினைத்துக் கடைக்காரர் டைக்ளோபெனக் கொடுத்துவிட்டார். பொய் யாரும் சொல்லவில்லை, கேட்கத்தான் இல்லை.

பத்து நாள் குடித்திருக்கிறது அந்தப் பிள்ளை. வீட்டுக்கு வந்த மிட்வைப் நோனா கடதாசி உறையைப் பார்த்ததும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஸ்கேனில் பன்னீர் குறைந்திருந்தது. குளிசையை நிறுத்தியதும் தண்ணீர் திரும்ப ஊறியது.

ஏன் அப்படி? வயிற்றுப் பிள்ளையின் சிறுநீர்தான் பெரும்பாலும் அந்தப் பன்னீர். டைக்ளோபெனக், இபுபுரொபன் போன்றவை பிள்ளையின் சிறுநீரகத்தை மந்தமாக்கும். கடைசி மாதங்களில், பிறந்த பிறகு மூட வேண்டிய இதயத்துக்குப் பக்கத்து இரத்தக் குழாயை முன்கூட்டியே சுருக்கவும் கூடும். 20 வாரத்திலிருந்தே இவற்றைத் தவிர்க்கச் சொல்லி 2020இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. ஆனால் பிரசர் வராமல் இருக்க கிளினிக்கில் சிறிய அஸ்பிரின் தந்திருந்தால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். அது வேறு கணக்கு.

அப்போ வலிக்கு என்ன செய்வது? பரசிற்றமோல், நம்ம பனடோல். 500 மில்லிகிராம் குளிசை ஒன்று அல்லது இரண்டு, ஆறு மணித்தியால இடைவெளியில். ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள் (நம்மில் அநேகர் அப்படித்தான்) தமக்கு எத்தனை என்று கேட்டே குடிக்க வேண்டும். சில தடிமன் குளிசைக்குள்ளும் பரசிற்றமோல் இருக்கும், இரண்டையும் சேர்த்தால் அளவு மீறும். தலைவலியோடு கண் மங்கல், முகம் கை வீக்கம் இருந்தால் பனடோல் குடித்துவிட்டுக் கொழுந்துக்குப் போகாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்கு.

பிள்ளை பிறந்த பிறகு கதை மாறுகிறது. இபுபுரொபன் தாய்ப்பாலில் மிகச் சொற்பமாகத்தான் இறங்கும், அதனால் பால் கொடுக்கிறவர்கள் அளவோடு குடிக்கலாம். வயிற்றுப்புண், ஆஸ்மா இருந்தால் முதலில் கேளுங்கள். கொடீன் கலந்த வலிக் குளிசை மட்டும் வேண்டாம். சில தாய்மாரின் உடம்பு அதை வேகமாக மோர்பினாக மாற்றிவிடும், பிள்ளை பால் குடிக்காமல் அசந்து தூங்கும், மூச்சும் தளரும்.

பாமசியில் முதல் வார்த்தை இதுவாக இருக்கட்டும்: "ஐயா, இது ஏழு மாதக் கர்ப்பிணிக்கு." பால் கொடுக்கிறவர் என்றால் பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: "இதில் என்ன மருந்து இருக்கு? டைக்ளோபெனக், இபுபுரொபன், கொடீன் இருக்கா? ஒரு நேரத்துக்கு எத்தனை, எத்தனை நாளைக்கு?" உறையில் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். பெயர் இல்லாத வெள்ளை உறையைப் பார்த்து மிட்வைப் நோனாவாலும் ஒன்றும் சொல்ல முடியாது. வாங்கப் போகும் ஆம்பிளைகள் கிளினிக் அட்டையையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள்.