பிரிவை எழுதுதல்: வழக்கு மனுவுக்கு அப்பால்



நம் பெண்களும் ஆண்களும் மணமுறிவைச் சொல்லும்போது, பெரும்பாலும் வக்கீல் எழுதித் தந்த மனுவின் மொழியில்தான் சொல்கிறார்கள். அதற்குக் காரணம் உண்டு. 1955இன் இந்து திருமணச் சட்டம் கொடுமை, கைவிடுதல் போன்ற குற்றங்களைக் காட்டச் சொல்கிறது. எனவே மனுவில் ஒருவர் முழுக் குற்றவாளி, மற்றவர் முழு அப்பாவி. 1976இல் பரஸ்பர சம்மத மணமுறிவு சட்டத்தில் வந்தது. அந்த மனுவிலோ ‘சேர்ந்து வாழ முடியவில்லை’ என்ற அளவோடு கதை முடிந்துவிடும். முதல் மனு எதிராளியைப் பற்றி அளவுக்கு மீறிப் பேசுகிறது. இரண்டாவது எதையுமே பேசுவதில்லை. எழுத்து இரண்டுக்கும் வெளியே நிற்க வேண்டும்.

பிரிவு நமக்குப் புதிதும் அல்ல, வெட்கமும் அல்ல. ஊர் முன்னிலையில் தீர்த்துவிடும் வழக்கம் உழைக்கும் சாதிகளிடம் இருந்து வந்தது. வழக்காற்று மணமுறிவை 1955 சட்டத்தின் 29ஆம் பிரிவும் ஏற்கிறது. இந்து சட்டத் தொகுப்பு மசோதாவுக்காக வாதாடியபோது, மணமுறிவு இந்துக்களில் பெரும்பாலோரிடம் ஏற்கெனவே உள்ளதுதான் என்று அண்ணல் அம்பேத்கர் எடுத்துக்காட்டினார். நம் கிறிஸ்தவக் குடும்பங்களின் நிலை வேறு. அவர்களுக்கான 1869ஆம் ஆண்டுச் சட்டத்தில் பரஸ்பர சம்மதம் 2001இல்தான் சேர்ந்தது.

இதை எழுதிக் காட்டியவர் கௌசல்யா பைசந்திரி. நாக்பூரில் தலித் குடும்பத்தில் பிறந்து, அம்பேத்கர் இயக்கத்தில் வளர்ந்தவர். அவருடைய இந்தித் தன்வரலாறு ‘தோஹ்ரா அபிஷாப்’ 1999இல் வந்தது. ‘இரட்டைச் சாபம்’ என்பது பொருள். கணவர் படித்தவர், விடுதலைப் போராட்ட வீரர் என்று அரசால் மதிக்கப்பட்டவர். அந்தச் சிறப்பை அவர் மறைக்கவில்லை. அதே மனிதர் வீட்டில் மனைவியை எப்படி நடத்தினார், செலவுக்குப் பணம் தர எப்படி மறுத்தார் என்பதையும் எழுதினார். பிரிந்தார், நீதிமன்றம் போனார். தம் எழுத்தால் கணவர், மகன், சகோதரர் கோபப்படலாம் என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். நாம் கவனிக்க வேண்டியது நூலின் அளவுப் பங்கீடு. பெரும்பகுதி பெற்றோரின் உழைப்பும் பாட்டியின் வாழ்வும்தான். கணவருக்குக் கிடைப்பது சில பக்கங்களே. தம் வாழ்வு முழுவதையும் கணவர் நிரப்பிவிட அவர் விடவில்லை. அதுவே அவர் தமக்குச் செய்துகொண்ட நியாயம்.

நம் கரைக்கு வருவோம். உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு பெண் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரி: ‘அவன் குடிகாரன், குடும்பத்தைக் கவனிக்கவில்லை.’ இது தீர்ப்பு. இதற்குப் பின்னால் நடந்தது என்ன என்று கேட்டால் வேறு வரிகள் வருகின்றன. ‘ஐப்பசி மழையில் உப்பளம் நின்றது. தை வரை கூலி இல்லை. வாங்கிய முன்பணத்தில் பாதியைக் குடித்தார். கார்த்திகையில் பிள்ளைகள் முன்னால் என்னை அடித்தார். நான் சீட்டுப் பணத்தை அவருக்குத் தெரியாமல் அக்காவிடம் கொடுத்து வைத்தேன்.’ இப்போது வாசகர் இருவரையும் பார்க்கிறார். கூலி நின்றது மழையால். அடித்தது மழையால் அல்ல. பஞ்சத்தைச் சொல்வது கணவருக்கு நியாயம், அடியைச் சொல்வது தனக்கு நியாயம்.

இங்கே ஒரு வழுக்கல் உண்டு. நடுநிலை காட்ட வேண்டும் என்று, மறைத்த சீட்டுப் பணத்தையும் விழுந்த அடியையும் ஒரே தட்டில் வைத்துவிடுவோம். இரண்டையும் எழுதலாம், சமம் என்று எழுதக் கூடாது. சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. அந்த வரியை அவர் முன்னால் படித்தால், ‘நடந்தது உண்மைதான், நான் வேறு மாதிரி சொல்வேன்’ என்று அவர் சொல்லக்கூடுமா? அப்படியானால் வரி நிற்கும். ‘இது நடக்கவே இல்லை’ என்பார் என்று தோன்றினால், நாம் கண்டதா, கேட்டதா, ஊகித்ததா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கேட்டதைக் கேட்டதாகவே எழுத வேண்டும்.

பெயரை மாற்றினால் போதாது. சிறிய ஊரில் தெருவைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். குற்றவியல் அவதூறு வழக்கில் உண்மை என்பது மட்டும் காப்பாகாது, பொது நன்மைக்காகச் சொன்னது என்றும் காட்ட வேண்டும். ஆகவே படுக்கையறையில் மட்டும் அறிந்த அவர் நோயையும் அவர் தாயின் கதையையும், பிரிவுக்குக் காரணமாக இல்லாதபோது விட்டுவிடலாம்.

கடைசியாக, இயக்கத்துக்குள் நாம் கேட்கும் ஒரு பேச்சு: ‘நம் ஆண்களைப் பற்றி எழுதினால் ஆதிக்க சாதிக்காரன் சிரிப்பான்.’ அவன் ஏற்கெனவே வைத்திருப்பது ‘குடித்துவிட்டு அடிப்பவன்’ என்ற ஒற்றை வரி. அந்த வரியை உடைப்பது மௌனம் அல்ல. மழை மாதத்தையும் முன்பணத்தையும் அடியையும் சேர்த்துச் சொல்லும் முழுப் பக்கம்தான். அந்தப் பக்கத்தை எழுதும் பெண்ணுக்கு முதல் வாசகர்களாக நாமே இருப்போம்.