யாருடைய பத்து மணி?

குருக்கள்மடத்திலிருந்து ரொறன்ரோவில் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறீர்கள். "செவ்வாய் காலை பத்து மணிக்கு நேர்முகப் பரீட்சை" என்று பதில் வருகிறது. யாருடைய பத்து மணி? பெரும்பாலும் அவர்களுடையது. கோடையில் அது நமக்கு இரவு ஏழரை. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தைப் பின்தள்ளுவார்கள். அதன்பின் நமக்கு எட்டரை. ஒக்டோபரில் குறித்த நாள் நவம்பரில் வந்தால் இங்கேதான் சறுக்கும். ஆகவே, "உங்களுக்குக் காலை பத்து, இலங்கையில் இரவு எட்டரை, சரிதானே?" என்று இரண்டு நேரத்தையும் எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்று. நாம் சனிக்கிழமை காலை அனுப்பும் மின்னஞ்சல் அங்கே வெள்ளி இரவு போய்ச் சேரும். அவர்கள் அலுவலகம் திறப்பது நமக்குத் திங்கள் பொழுதுபட்ட பிறகு. அதுவரை பதில் இல்லையே என்று இன்னொரு மடல் போடாதீர்கள்.