நெய்யின் தூய்மை: இல்லத்துச் சோதனையின் எல்லை

ஆலய விளக்கிற்கும் பாரணை உணவிற்கும் வாங்கும் நெய்யில் விலங்குக் கொழுப்புக் கலந்திருக்குமோ என்னும் ஐயம் பலருக்கு உண்டு.

தூய நெய் உள்ளங்கைச் சூட்டிலேயே உருகத் தொடங்கும். ஆனால் சிறிதளவு கொழுப்புக் கலந்த நெய்யும் அவ்வாறே உருகும். காய்ச்சிய வெண்ணெயின் மணம் நற்குறியே. எனினும் மணத்தைச் செயற்கையாகவும் ஊட்டலாம்.

மெல்ல ஆறிய நெய் மணல்போல் மணி திரளும். விரைந்து குளிர்வித்தால் அதே நெய் வழுவழுப்பாக உறையும். ஆகவே மணியின்மை கலப்படத்திற்குச் சான்றன்று. வனஸ்பதியும் மணிமணியாக உறைவதால், மணி தூய்மைக்கும் சான்றன்று.

இச்சோதனைகள் ஐயத்தை எழுப்பும், தீர்க்கமாட்டா. கலந்த கொழுப்பு யாதென ஆய்வுக்கூடப் பகுப்பாய்வே காட்டும். இயன்றோர் பாலேடு கடைந்து, வெண்ணெய் திரண்ட 48 நிமிடத்திற்குள் உருக்கிக்கொள்வர்; அந்நெய்க்குச் சோதனை வேண்டா.