பதினாறு என்றால் எட்டு

கல்லூரியில் சேரும் அக்கா மகளுக்குப் போன் வாங்க, திருவனந்தபுரம் பாளையத்தில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். பெட்டியில் '16 ஜிபி ரேம்' என்று பெரிதாகவும், கீழே பொடி எழுத்தில் '8+8' என்றும் இருந்தது. முதல் எட்டுதான் உண்மையான ரேம். இரண்டாவது, சேமிப்பிடத்திலிருந்து எடுக்கும் கடன். ரேமைவிட அது மிகவும் மெதுவானது. அதை இயக்கினால் போனின் 128 ஜிபி சேமிப்பில் எட்டு குறையும். ஆகவே விலையை 8 ஜிபி போன்களோடுதான் ஒப்பிட்டோம்.

சேமிப்பு எவ்வளவு வேண்டும்? அவளுடைய பழைய போனிலேயே அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தோம். 64 ஜிபியில் 62 நிரம்பியிருந்தது. சிஸ்டம் 18, செயலிகள் 14, படங்கள் 8, வாட்ஸ்அப் மட்டும் 20! பாடக் குறிப்புகள் எல்லாம் சேர்த்தே இரண்டுதான். குழுக்களில் வந்து குவிந்த வீடியோக்களை அழித்ததும் வாட்ஸ்அப் ஐந்துக்கு இறங்கியது. மொத்தம் 47 ஆனது. ஆண்டுக்குப் பன்னிரண்டு கூடினாலும் மூன்றாண்டில் 83தான். சேமிப்பு நிரம்பி வழிந்தால் போன் திணறும். கொஞ்சம் காலியிடம் வேண்டும். 128இல் அதுவும் மிஞ்சுகிறது.

256 வாங்கவில்லை. மிச்சப் பணத்தில் அவளுக்கு ஒரு கால்குலேட்டர் வாங்கினோம்.