மஞ்சள் கயிறும் கழுத்தும்

பழைய கல்யாண கேசட்டுகளைக் கணினியில் ஏற்றி, நிறம் சரிசெய்து கொடுப்பது என் தொழில். கேசட்டைக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் கேட்பார்கள்: “பழசு மாதிரியே இருக்கணும் சார். சினிமாவுல ஃபிளாஷ்பேக் வருமே, அந்தப் பொன்மஞ்சள் கலர்ல.” படம் முழுவதும் ஆரஞ்சு நிறத்தை ஏற்றினால் இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். சுவர் அழகாகத்தான் இருக்கும், வாசலில் கட்டிய வாழையும் அழகாக இருக்கும். மாப்பிள்ளை மட்டும் செப்புச் சிலையாகியிருப்பார்.

முகம் மட்டும் ஏன் கெடுகிறது? வெளிச்சத்தில் இருப்பவர்கள் உங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். புறங்கை மாநிறம். விரல் மூட்டு அதைவிடக் கறுப்பு. உள்ளங்கை வெளுத்து, லேசாகச் சிவந்திருக்கும். மூன்றும் வேறு வேறாகத் தெரிந்தாலும் அடிப்படையில் எல்லாமே ஆரஞ்சுக் குடும்பம்தான். பழுப்பு என்று நாம் சொல்வதே வெளிச்சம் குறைந்த ஆரஞ்சு. ஆகவே, படம் முழுக்க ஆரஞ்சைக் கூட்டும்போது, சுண்ணாம்புச் சுவர் தன்னிடம் இல்லாத ஒன்றைப் பெறுகிறது. தோலோ ஏற்கெனவே இருப்பதன் மேல் இன்னும் வாங்கிக்கொள்கிறது. உதட்டின் சிவப்பு, கன்னத்தின் மினுமினுப்பு, கண்ணுக்குக் கீழே உள்ள கருமை, இந்தச் சின்னச் சின்ன வேறுபாடுகள் எல்லாம் அதில் மூழ்கிப் போகின்றன. அவை போனபின் முகம் களிமண்ணில் பிடித்து வைத்தது போல ஆகிவிடுகிறது.

எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் பிடித்தது ஒரு கருவி. வெக்டர்ஸ்கோப் என்று பெயர். இப்போது நிறம் திருத்தும் மென்பொருள்களிலேயே வந்துவிடுகிறது. திரையில் ஒரு வட்டம் இருக்கும். நடுவில் நிறமே இல்லை. ஓரத்தை நோக்கிப் போகப் போக நிறம் அடர்த்தியாகும். எந்தத் திசையில் போகிறது என்பதை வைத்து அது என்ன நிறம் என்று சொல்லிவிடலாம். அந்த வட்டத்தில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே, சிவப்புக்குச் சற்று அருகில், ஒரு கோடு போட்டிருப்பார்கள். மனிதத் தோலுக்கான கோடு அது. காஷ்மீர்க்காரரோ, கறுத்த நம் ஊர் விவசாயியோ, யார் முகத்தைக் காட்டினாலும் புள்ளிகள் அந்தக் கோட்டை ஒட்டித்தான் விழும். ஏனென்றால் தோலுக்கு நிறம் கொடுப்பவை எல்லோருக்கும் ஒன்றே: மெலனினும் இரத்தமும். வேறுபடுவது அளவுதான், திசை அதிகம் மாறுவதில்லை. இதை முதன்முதலில் திரையில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட ஆனந்தம் இன்னும் குறையவில்லை, நேயர்களே! புள்ளிகள் சிவப்புப் பக்கம் சாய்ந்தால் ஆள் வெயிலில் வெந்தவர்போல் தெரிவார். மஞ்சள் பக்கம் போனால் காமாலை வந்தவர்போல் ஆகிவிடுவார்.

ஒரு கேசட்டைச் சொல்கிறேன். 1990களின் தொடக்கத்தில் நடந்த ஒரு கிராமத்துக் கல்யாணம். அக்காலத்து வீடியோ லைட்டை நினைவிருக்கிறதா? ஒருவர் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார், மணமக்கள் கண் கூசும். அந்த ஹாலஜன் வெளிச்சம் மஞ்சள். பின்வரிசையில் டியூப் லைட், அது பச்சை. விடிந்ததும் வாசலில் இருந்து வருவது நீலம். இந்த மூன்றும் ஒரே காட்சியில் வந்தன. பொன்மஞ்சள் பூசுவதற்கு முன்னால் இதைச் சமன் செய்ய வேண்டும். அதற்கு வெள்ளையான ஒரு பொருள் வேண்டும். மாப்பிள்ளையின் வேட்டி இருக்கிறதே என்றால், அதன் ஓரத்தில் மஞ்சள் தடவியிருந்தார்கள்! ஓரத்தை விட்டுவிட்டு, மடியில் நல்ல வெளிச்சம் படும் இடத்தை எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது மணப்பெண். முகத்தில் ரோஸ் பவுடர் அப்பியிருந்தது. அந்த முகத்தை நம்பி அளந்தால் அவருடைய உண்மையான நிறம் கிடைக்காது. அதனால் கையைப் பார்த்தேன். முழங்கைப் பக்கம் பவுடர் போடுவதில்லை. அந்த இடத்துப் புள்ளிகளைக் கோட்டின் மேல் கொண்டுவந்து நிறுத்தியதும், அதே வெளிச்சத்தில் இருந்த மற்ற எல்லோருடைய முகமும் தானாகச் சரியாகிவிட்டது. முகத்தில் பவுடர் பவுடராகவே தெரிந்தது. அதுவும் அந்தக் காலத்து நினைவுதானே, அதை ஏன் அழிக்க வேண்டும்?

பொன்மஞ்சள் ஏற்றுவது அதற்குப் பிறகுதான். முகத்தைத் தனியாகத் தேர்ந்தெடுத்துவிட்டு மற்ற இடங்களில் மட்டும் நிறம் ஏற்றலாமே என்று தோன்றும். புதிய கேமராவில் எடுத்ததில் அது நன்றாகவே நடக்கும். வி.எச்.எஸ். கேசட்டில் நிறம் மிக மங்கலாகத்தான் பதிவாகியிருக்கும். புடவையின் சிவப்பு அதன் ஓரத்தைத் தாண்டிக் கழுத்தில் கசியும். முகத்தைச் சுற்றி வெட்டினால் ஓரங்கள் எறும்பு ஊர்வதுபோல் நெளியும். அதனால் வெளிச்ச அளவை வைத்துப் பிரிக்கிறேன். சுவர், வேட்டி, விளக்கு போன்ற வெளிச்சமான இடங்களில் மஞ்சளைத் தாராளமாக ஏற்றுகிறேன். இருட்டான மூலைகளில் கொஞ்சம் பழுப்பு. நடுவில் இருக்கும் முகங்களை அதிகம் தொடுவதில்லை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. தயாராகக் கிடைக்கும் பல ஃபில்டர்கள் வெளுத்த முகத்தை மனத்தில் வைத்துச் செய்தவை. வெளுத்த முகம் வெளிச்ச அளவில் பாதிக்கு மேலே இருக்கும். நம் மாநிற முகங்கள் பாதிக்குக் கீழேதான் இருக்கும். ஆகவே ‘நிழலுக்கு’ என்று அவர்கள் வைத்த பழுப்பு நேரே நம் கன்னத்தில் போய் விழுகிறது. நிழல் எங்கே தொடங்குகிறது என்ற எல்லையை இன்னும் கீழே இறக்கினால் சரியாகிவிடும்.

அதற்காக முகத்தை முழுவதும் விட்டுவிடவும் கூடாது. மண்டபமே பொன்னாக இருக்க, முகம் மட்டும் பளிச்சென்று இருந்தால் கத்தரித்து ஒட்டியதுபோல் இருக்கும். சுற்றுப்புறத்துக்குக் கொடுத்த மஞ்சளில் மூன்றில் ஒரு பங்காவது முகத்துக்கும் போக வேண்டும் என்பது என் கணக்கு.

போதுமா, அதிகமாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? தாலி கட்டும் காட்சியில் நிறுத்திப் பாருங்கள். தாலிக் கயிறு மஞ்சள், சங்கிலி பொன், கழுத்து மாநிறம். மூன்றும் பக்கத்துப் பக்கத்து நிறங்கள். கயிறும் சங்கிலியும் கழுத்தோடு கலக்காமல் தனித்தனியே தெரிந்தால் நிறம் அளவாக இருக்கிறது. கயிறு எங்கே முடிகிறது, கழுத்து எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருந்தால் குறைத்துவிடுங்கள். தலைமுடியையும் பாருங்கள். கருமையை அதிகம் வெளுக்க வைத்தால் மணப்பெண்ணின் முடி புழுதி படிந்ததுபோல் ஆகிவிடும்.

கைபேசியில் பழைய புகைப்படத்தைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் இரவு நேரத்துக்கான மஞ்சள் திரை வசதியை அணைத்துவிடுங்கள். பிறகு டெம்பரேச்சர் என்ற அளவை மஞ்சள் பக்கம் தள்ளுங்கள். நிறங்களைத் தனித்தனியே மாற்றும் பகுதி இருந்தால், ஆரஞ்சின் அடர்த்தியை மட்டும் கொஞ்சம் குறையுங்கள். முகம் பழைய நிலைக்கு வந்துவிடும். செய்ததும் உடனே யாருக்கும் அனுப்பாதீர்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் கண் மஞ்சளுக்குப் பழகி அதையே வெள்ளை என்று சொல்லும். சிறிது நேரம் கழித்து, அசல் படத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நேரம் முடியப் போகிறது. முதலில் சமன் செய்யுங்கள், தோலைக் கோட்டில் நிறுத்துங்கள், பிறகு சுற்றிலும் மஞ்சள் ஏற்றுங்கள். “அப்பாவைக் கொஞ்சம் சிவப்பாகக் காட்டுங்கள்” என்று கேட்கிறவர்களும் என்னிடம் வருவது உண்டு. அவர்களிடம் சொல்வதையே உங்களிடமும் சொல்கிறேன்: அப்பா என்ன நிறமோ, பேரப்பிள்ளைகள் அந்த நிறத்திலேயே அவரைப் பார்க்கட்டும்.