மெஷின் ரூபாயா, யூரோவானு கேட்டா?

பெர்லின்ல 200 யூரோவுக்கு ஒரு ஜாக்கெட் வாங்கி, நம்ம ஊர் கிரெடிட் கார்டைத் தேய்க்கிறீங்கனு வைங்க. கணக்குக்காக ஒரு யூரோவை 100 ரூபாய்னு எடுத்துக்குவோம். அப்போ 20,000 ரூபாய். இதுக்கு மேல உங்க வங்கி ஃபாரெக்ஸ் மார்க்கப் போடும். நிறைய கார்டுகள்ல அது 3.5 சதவீதம், அதாவது 700 ரூபாய். அந்த 700-க்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 126 ரூபாய். மொத்தம் 20,826.

இப்போ மெஷின் திரையில EUR 200, INR 21,200னு ரெண்டு தொகை வருதுனு வைங்க. தெரிஞ்ச ரூபாயாச்சேனு கை அதுக்குத்தான் போகும். ஆனா அந்த ரேட், கடைக்கு மெஷின் கொடுத்தவங்க தங்களோட லாபத்தையும் சேர்த்துப் போட்டது. அதோட முடியாது. கடை வெளிநாட்டுல இருக்கிறதால, ரூபாய்ல கட்டினாலும் பல இந்திய வங்கிகள் தனியா ஒரு கட்டணம் வாங்கும்.

அதனால EUR-ஐயே தேர்ந்தெடுங்க. கேஷியரே ரூபாயை அழுத்திட்டா ரசீதுல INR தொகை இருக்கும். அங்கேயே ரத்து பண்ணி, யூரோவுல மறுபடி போடச் சொல்லுங்க.

யூரோவுல கட்டினாலும் அந்த 826 ரூபாய் போகத்தான் செய்யும். அதையும் மிச்சம் பிடிக்கணும்னா, கிளம்புறதுக்கு முன்னாடியே மார்க்கப் இல்லாத கார்டு ஒண்ணு வாங்கி வச்சுக்கணும்.