முதல் கிளிக் சரியா விழணும்: மெனுவுக்குப் பேர் வைக்கிறது எப்படி?

இன்னிக்கு எபிசோடு முழுக்க ஒரு வெப்சைட்டோட மெனு பத்தி மட்டும்தான்.

எந்தப் பக்கத்துக்கும் ரெண்டே கிளிக்ல போகணும்னு வெச்சுக்குவோம். கணக்கு ரொம்ப சிம்பிள். மேல ஆறு தலைப்பு, ஒவ்வொண்ணுக்கும் கீழ ஆறு பக்கம், மொத்தம் 36 பக்கம். ஆனா அந்த ஆறு தலைப்புக்கு என்ன பேர் வைக்கிறோம்ங்கிறதுதான் கஷ்டமான பகுதி. முதல் கிளிக் தப்பான தலைப்புல விழுந்துட்டா, உள்ள போய்த் தேடி, இல்லைன்னு திரும்பி வந்து, இன்னொரு தலைப்புக்குப் போகணும். ரெண்டு கிளிக்குங்கிறது நம்ம எக்செல் ஷீட்ல மட்டும்தான் இருக்கும்.

ஒரு உதாரணத்தோட பார்ப்போம். சென்னையில 120 வீடு இருக்கிற ஒரு அப்பார்ட்மென்ட். அசோசியேஷனுக்கு ஒரு சைட், அதுல 36 பக்கம். நானும் ஒரு நண்பரும் சேர்ந்து அதோட மெனுவை மாத்திக் கொடுத்தோம். பழைய மெனு இப்படி இருந்துச்சு: எங்களைப் பற்றி, நிர்வாகம், சேவைகள், தகவல்கள், டவுன்லோட்ஸ், மற்றவை.

பார்க்க நீட்டாத்தான் இருக்கு. ஆனா ஒரு ஞாயித்துக்கிழமை, வாடகைக்கு இருந்த ஒரு குடும்பம் வீட்டைக் காலி பண்ணிட்டு சாமானோட நிக்கிறாங்க. அசோசியேஷன் என்ஓசி இல்லாம லாரியை உள்ள விட முடியாதுன்னு செக்யூரிட்டி சொல்லிட்டார். அந்த ஃபார்ம் சைட்லதான் இருந்துச்சு. டவுன்லோட்ஸ், அதுக்குள்ள படிவங்கள், அதுக்குள்ள 'இணைப்பு 4'. மூணு நாள் முன்னாடியே கொடுக்கணும்னு அந்தப் பக்கத்துலயே எழுதியும் இருந்துச்சு. யாரும் அதைப் பார்க்கல. லாரிக்காரர் காத்திருந்த நேரத்துக்கும் சேர்த்துக் காசு வாங்கிட்டார்.

இதுல ரெண்டு பிரச்சினை இருக்கு. ஒண்ணு, ஆழம். 1998ல மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்ல கெவின் லார்சன், மேரி செர்வின்ஸ்கின்னு ரெண்டு பேர் இதைச் சோதிச்சுப் பார்த்தாங்க. ஒரே 512 பக்கத்தை வேற வேற மாதிரி அடுக்கினாங்க. ஒண்ணுல மூணு அடுக்கு, ஒவ்வொரு அடுக்குலயும் எட்டெட்டு லிங்க். இன்னொண்ணுல ரெண்டே அடுக்கு, மேல 16, கீழ 32. மூணு அடுக்குலதான் ஆளுங்க ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டாங்க. ஒரு திரையில லிங்க் கொஞ்சம் கூடினாலும் கண்ணு சமாளிச்சுடும். ஒவ்வொரு அடுக்குலயும் 'இதுக்குள்ள இருக்குமோ?'ன்னு ஊகிக்கிறதுதான் சிரமம். அதனால 36 பக்கத்துக்கு மூணாவது அடுக்கு தேவையே இல்ல.

ரெண்டாவது பிரச்சினை, பேர். பழைய மெனு, கமிட்டி எப்படி வேலையைப் பிரிச்சுக்கிட்டாங்களோ அப்படியே இருந்துச்சு. பொருளாளர் பார்க்கிறது ஒரு பக்கம், செயலாளர் பார்க்கிறது ஒரு பக்கம். குடியிருக்கிறவங்களுக்கு அது தெரியாது. தெரியணும்னு அவசியமும் இல்ல.

அவங்க எந்த வார்த்தையில தேடுவாங்க? அதைக் கண்டுபிடிக்க செயலாளர் சார்கிட்ட ஒண்ணு கேட்டோம்: கடைசி ரெண்டு மாசத்துல வாட்ஸ்அப்ல வந்த கேள்விகளை, பேர், நம்பர் எல்லாம் எடுத்துட்டு, எழுதின மாதிரியே கொடுங்க சார்னு. 'தண்ணி லாரி எப்போ வருது', 'ஹால் 14ஆம் தேதி ஃப்ரீயா', 'வீடு காலி பண்றோம், என்ன பண்ணணும்'. ஒரு மெசேஜ்லகூட 'சேவை'ங்கிற வார்த்தையோ 'இணைப்பு 4'ங்கிறதோ இல்ல.

அப்புறம் கார்டு சார்ட்டிங். 36 பக்கத்துக்கும் 36 துண்டுச்சீட்டு. பக்கத்தோட பழைய பேரை எழுதல, அது என்னத்துக்குங்கிறதை மட்டும் எழுதினோம். ஆறு குடியிருப்பாளர்கள்கிட்ட தனித்தனியா கொடுத்து, 'ஒண்ணா இருக்க வேண்டியதைச் சேர்த்து வைங்க, அந்தக் கூட்டத்துக்கு நீங்களே ஒரு பேர் சொல்லுங்க'ன்னு கேட்டோம். பெரும்பாலும் எல்லாரும் என்ன நடக்குதோ அதை வெச்சுத்தான் பிரிச்சாங்க. அதுலேர்ந்து வந்த புது மெனு: பணம் கட்ட, புகார் சொல்ல, வீடு மாற, ஹால் புக்கிங், தண்ணீர் & பவர்கட், கமிட்டி & கணக்கு.

ஒரு பேர் நல்ல பேரான்னு பார்க்க நான் கேட்கிற கேள்வி, இதுக்குள்ள எது இருக்காதுன்னு சொல்ல முடியுதா? 'ஹால் புக்கிங்'குள்ள தண்ணி லாரி நேரம் இருக்காதுன்னு யாருக்கும் தெரியும். 'சேவைகள்'குள்ள எது வேணா இருக்கலாம், 'மற்றவை' பத்திக் கேட்கவே வேண்டாம். எதையும் விலக்காத பேர், எதுக்கும் வழி காட்டாது.

அடுத்தது ட்ரீ டெஸ்ட். டிசைன், கலர், ஐகான் எதுவும் கிடையாது. தலைப்புகளை மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டுவோம். ஒரு தலைப்பைத் தொட்டா, அதுக்குக் கீழ இருக்கிறது வேற பேப்பர்ல. கேள்வி கேட்கும்போது ஒண்ணுல கவனமா இருக்கணும். மெனுவுல இருக்கிற வார்த்தை கேள்வியில வரக் கூடாது. 'வீடு மாறணும், எங்க போவீங்க?'ன்னு கேட்டா பதிலையும் நாமளே சொல்லிட்ட மாதிரி. 'அடுத்த ஞாயித்துக்கிழமை உங்க சாமானை ஏத்த லாரி உள்ள வரணும், என்ன பண்ணுவீங்க?'ன்னு கேட்கணும். முதல்ல எதைத் தொடறாங்கன்னு மட்டும் குறிச்சுக்கணும்.

எட்டு பேர்ல அஞ்சு பேர் நேரா 'வீடு மாற'ல போனாங்க. மூணு பேர் 'புகார் சொல்ல'வுக்குப் போனாங்க. ஏன்னு விசாரிச்சா, செக்யூரிட்டி சம்பந்தமான எல்லாம் அங்கதான் இருக்கும்னு நினைச்சிருக்காங்க. அதுவும் நியாயம்தான். அதனால அந்தத் தலைப்போட பேரை 'ரிப்பேர் & புகார்'னு மாத்தினோம். 'வீடு மாற'வை 'வீடு காலி / குடிவர'ன்னு மாத்தினோம். புது ஆளுங்க எட்டு பேர்கிட்ட மறுபடி கேட்டப்போ ஏழு பேர் சரியாத் தொட்டாங்க. எட்டு பேர்ங்கிறது பெரிய ஆய்வு இல்ல. ஆனா ஒரு பேர் குழப்புதுன்னு தெரிஞ்சுக்க அது போதும்.

மெனு மாத்தினதும் ரெண்டு விஷயத்தைச் செக் பண்ணணும். முதல்ல, கிளிக் பண்ணின வார்த்தையும் திறக்கிற பக்கத்தோட தலைப்பும் ஒண்ணா இருக்கணும். 'வீடு காலி செய்ய'ன்னு தொட்டுட்டு உள்ள 'இணைப்பு 4'ன்னு வந்தா, தப்பான இடத்துக்கு வந்துட்டோம்னு நினைச்சு ஆளு பேக் அடிச்சுடுவார். சரியான பக்கத்துக்கு வந்தும் தொலைஞ்சு போறது இப்படித்தான்.

ரெண்டாவது, ஃபோன். அங்க மெனு அந்த மூணு கோடு ஐகானுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். அதைத் திறக்கவே ஒரு டேப். அப்போ ரெண்டு கிளிக் மூணாகுது. அதனால வாட்ஸ்அப்ல அதிகமா வந்த நாலு கேள்விக்கு முகப்புப் பக்கத்துலயே நேரா லிங்க் வெச்சுட்டோம். நாலோட நிறுத்திக்கிட்டோம். எல்லாத்தையும் முகப்புல கொட்டினா அதுவே இன்னொரு 'மற்றவை' ஆயிடும்.

இதுக்கு ஒரு எல்லையும் இருக்கு. பக்கம் ஆயிரக்கணக்குல போனா, இல்ல கடை மாதிரி பொருள் தினம் மாறினா, ரெண்டு கிளிக் மெனுவால தாங்க முடியாது. அங்க தேடல் பெட்டியும் ஃபில்டரும்தான் வேலை செய்யணும். ஆனா ஒரு சங்கம், ஒரு கிளினிக், ஒரு சின்ன நூலகம் அளவுக்கு இது தாராளமாப் போதும். உங்க சைட்டோட மெனுவை ஒரு பேப்பர்ல எழுதி, அதைப் பார்த்தே இராத ஒருத்தர்கிட்ட இன்னிக்கே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. அவங்க விரல் முதல்ல எங்க போகுதுன்னு எனக்கு எழுதி அனுப்புங்க.